தொடையில் சேர்வதும் தொந்தியில் சேர்வதும்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கேள்வியை மட்டும் எழுதி அனுப்பாமல் உங்கள் அளவுகளையும் உங்கள் கணவருடைய அளவுகளையும் எழுதியிருந்தீர்கள். அதனால் பொதுவாகப் பேசாமல் உங்கள் இருவரையும் வைத்தே பேச முடிகிறது.

நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது. உங்களுக்கு வயது 38, உயரம் 158 செ.மீ., எடை 68 கிலோ. வயிற்றுச் சுற்றளவு 77 செ.மீ., பிட்டத்தின் சுற்றளவு 106 செ.மீ. கணவருக்கு வயது 44, உயரம் 168 செ.மீ., எடை 70 கிலோ, வயிறு 96, பிட்டம் 95. உங்கள் தொடையைப் பற்றி வீட்டில் ஆளாளுக்கு ஏதாவது சொல்கிறார்கள். நீங்களும் ஒரு வருடமாக இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டீர்கள். கணவருடைய தொந்தியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. “குடும்பம் நடத்துற ஆம்பளைக்குக் கொஞ்சம் வயிறு இருக்கத்தான் செய்யும்” என்பது உங்கள் மாமியாரின் தீர்ப்பு. இருவரும் ஒரே அடுப்பில் சமைத்ததைத்தான் சாப்பிடுகிறீர்கள். பிறகு ஏன் உங்களுக்குத் தொடையிலும் அவருக்கு வயிற்றிலும் சேர்கிறது? தொடைக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சையைச் செய்துகொள்ளலாமா? இவைதான் உங்கள் கேள்விகள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் கவலைப்பட வேண்டிய உடம்பு உங்களுடையது அல்ல, உங்கள் கணவருடையது. எடைக்கணக்கில் நீங்கள்தான் அதிகம். உயரத்துக்கும் எடைக்குமான பி.எம்.ஐ. கணக்கில் உங்களுக்கு 27.2, அவருக்கு 24.8. அந்த எண்ணை மட்டும் பார்க்கிற எவரும் உங்களைத்தான் எச்சரிப்பார்கள். ஆனால் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதுதான் சர்க்கரை நோயையும் மாரடைப்பையும் பெரிதும் தீர்மானிக்கிறது. மருத்துவம் இந்த முடிவுக்கு வந்த வழியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பிரான்சின் மார்செய் நகரத்தில் ழான் வாக் என்று ஒரு மருத்துவர் இருந்தார். பருமனான நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்துவந்த அவருக்கு ஒரு வேறுபாடு தெரிந்தது. ஒரே அளவு பருமன் உள்ள இரண்டு பேரில் ஒருவருக்குச் சர்க்கரை நோயும் ரத்தக்குழாய் அடைப்பும் வருகின்றன. இன்னொருவர் நலமாகவே இருக்கிறார். அவர் கைகளிலும் தொடைகளிலும் கொழுப்பின் தடிமனை அளந்து ஒப்பிட்டார். உடலின் மேற்பகுதியில் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கே நோய்கள் அதிகம் என்று கண்டார். அந்த வகையை ஆண்வகைப் பருமன் என்றும், இடுப்புக்குக் கீழே சேர்வதைப் பெண்வகைப் பருமன் என்றும் பிரித்து 1947இல் எழுதினார். ஆணுக்குப் பெண்வகையும் பெண்ணுக்கு ஆண்வகையும் அமையலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று நாம் ஆப்பிள் உடல், பேரிக்காய் உடல் என்று சொல்வது இந்தப் பிரிவினையைத்தான்.

அவர் சொன்னதை மருத்துவ உலகம் நெடுநாள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1984இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரத்திலிருந்து இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்றில் 54 வயது ஆண்கள் 792 பேரை 13 ஆண்டுகள் கவனித்திருந்தார்கள். மற்றதில் 1,462 பெண்களை 12 ஆண்டுகள் கவனித்திருந்தார்கள். வயிற்றுச் சுற்றளவைப் பிட்டத்தின் சுற்றளவால் வகுத்தால் கிடைக்கும் எண், பின்னாளில் யாருக்கு மாரடைப்பு வரும் என்பதை எடையைவிட நன்றாகக் காட்டியது. வாக் கண்ணால் கண்டதை இப்போது கணக்கும் சொன்னது.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ஒரே சாப்பாடு ஏன் இரண்டு உடம்பில் இரண்டு இடத்துக்குப் போகிறது?

உடம்பில் கொழுப்பு தங்கும் இடங்கள் முக்கியமாக இரண்டு. தோலுக்கு அடியில் இருப்பது ஒன்று. விரலால் கிள்ளிப் பிடித்தால் கையில் வரும். தொடை, பிட்டம், வயிற்றின் மேல்தோல் எங்கும் இந்தத் தோலடிக் கொழுப்புதான். இன்னொன்று வயிற்றுக்குள்ளே, தசைச் சுவருக்கும் அப்பால், குடலைச் சுற்றியும் குடலை மூடித் தொங்கும் படலத்திலும் சேர்வது. இதை உள்ளுறுப்புக் கொழுப்பு என்கிறோம். இதைக் கிள்ளிப் பிடிக்க முடியாது. வயிறு முன்தள்ளி, தொட்டால் கெட்டியாக இருந்து, கிள்ளினால் கொஞ்சம்தான் கையில் வருகிறது என்றால் உள்ளே அதிகம் சேர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். உறுதியாக அளக்க சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வேண்டும்.

மொத்தக் கொழுப்பு ஆணைவிடப் பெண்ணுக்கே அதிகம். இது நோயல்ல, இயல்பு. ஆனால் அந்த மொத்தத்தில் உள்ளுறுப்புக் கொழுப்பின் பங்கு பெண்ணுக்குச் சுமார் 5 முதல் 8 சதவீதம்தான். ஆணுக்கு அது 10 முதல் 20 சதவீதம் வரை போகிறது. பெண்ணின் உடம்பு அதிகமாகச் சேமிக்கிறது, ஆனால் பாதுகாப்பான இடத்தில் சேமிக்கிறது என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம்.

எப்படி அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்பதற்கு விடை கொழுப்பு செல்களின் மேற்பரப்பில் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஓடும் கொழுப்பைப் பிடித்து செல்லுக்குள் அனுப்புவதற்கு ஒரு நொதி உண்டு. அதன் பெயர் லிப்போபுரோட்டீன் லிப்பேஸ். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களின் தொடைப் பகுதியில் இந்த நொதி வயிற்றுப் பகுதியைவிடச் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. உள்ளே போடும் வேலை அது. வெளியே எடுக்கும் வேலையைத் தூண்டுவது அட்ரினலின் குடும்பத்து ஹார்மோன்கள். பசியிலும் உடற்பயிற்சியிலும் அவை சுரந்து, கொழுப்பைக் கரைத்து ரத்தத்துக்கு அனுப்பு என்று செல்லுக்குச் சொல்கின்றன. இதைக் கேட்டுக்கொள்ள செல்லின் மேல் இரண்டு வகை ஏற்பிகள் இருக்கின்றன. பீட்டா வகை ஏற்பி அந்தச் செய்தியைக் கேட்டால் கொழுப்பு கரையும். ஆல்ஃபா-2 வகை ஏற்பி அதே செய்தியைக் கேட்டால் கரைவது தடைப்படும். பெண்ணின் தொடை செல்களில் இந்த ஆல்ஃபா-2 ஏற்பியின் கை ஓங்கியிருக்கிறது. பெண்களின் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் தோலடிக் கொழுப்பில் இந்த ஏற்பிகளைக் கூட்டுகிறது. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பில் அப்படிக் கூட்டுவதில்லை.

நீங்கள் ஒரு வருடமாக இரவில் பட்டினி கிடந்தும் தொடை குறையாததற்குக் காரணம் இதுதான். உங்கள் மனஉறுதியில் குறை ஏதும் இல்லை. பசியில் உடம்பு எரிபொருள் கேட்கும்போது மற்ற இடங்களின் கொழுப்பு எளிதில் கரைகிறது. தொடை மட்டும் மெல்லத்தான் விட்டுக்கொடுக்கிறது.

அது எப்போதும் விட்டுக்கொடுக்காது என்பதும் இல்லை. 1985இல் கோத்தன்பர்க் ஆய்வாளர்கள் பெண்களின் தொடையிலிருந்தும் வயிற்றிலிருந்தும் துளித் துளியாகக் கொழுப்பு எடுத்துச் சோதித்தார்கள். சாதாரண நாட்களிலும் கர்ப்பத்தின் தொடக்கத்திலும் தொடைக் கொழுப்பு அசையவில்லை. தாய்ப்பால் கொடுக்கும் பெண்களில் நிலைமை மாறியிருந்தது. தொடையில் உள்ளே போடும் நொதியின் வேகம் குறைந்து, வெளியே எடுக்கும் வேகம் கூடியிருந்தது. பால் கொடுக்கிற தாய்க்கு தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தேவை. அந்தத் தேவைக்கென்றே பூட்டி வைத்த சேமிப்பு, உரிய நேரத்தில் திறக்கிறது. பெண்ணுக்கு இந்தக் கொழுப்பு ஏன் இங்கே சேர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

ஆணுக்கு இந்தப் பூட்டு இல்லை. பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் அவனுக்குத் தசையைக் கூட்டுகிறது, தொடைக் கொழுப்பைக் குறைத்து வைக்கிறது. இளைஞனாக இருக்கும்வரை அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. வயது ஏறி, உழைப்பு குறைந்து, சாப்பாடு மட்டும் அப்படியே இருக்கும்போது மிஞ்சுவதைப் போட்டுவைக்க அவனுக்குத் தொடையில் இடம் குறைவு. அது வயிற்றுக்குள் போகிறது. இதில் ஒரு முடிச்சும் உண்டு. டெஸ்டோஸ்டிரோன் மிகவும் குறைந்த ஆண்களுக்கும் வயிற்றுக் கொழுப்பு கூடுகிறது. பெண்களுக்கோ நேர்மாறாக, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையில் ஆண் ஹார்மோன் கூடும்போது வயிறு பெருக்கிறது. ஆகவே ஆண் ஹார்மோன் கெட்டது, பெண் ஹார்மோன் நல்லது என்று பிரித்துவிட முடியாது. அவரவர் உடம்புக்கு உரிய அளவு இருக்கிறதா என்பதே கேள்வி. ஹார்மோனோடு மரபணுவும் சேர்கிறது. வயிறு, பிட்டம் இவற்றின் விகிதத்தைப் பாதிக்கும் மரபணுப் பகுதிகளைத் தேடிய பெரிய ஆய்வுகளில், கிடைத்த பல பகுதிகள் ஆண்களைவிடப் பெண்களிடம் வலுவாக வேலை செய்வது தெரிந்தது. “எங்கம்மா மாதிரியே எனக்கும் தொடை” என்று எழுதியிருந்தீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம்.

சரி, வயிற்றுக்குள் சேர்ந்தால் என்ன கெடுதல்?

முதலில் வந்த விளக்கம் இடத்தைப் பற்றியது. குடலைச் சுற்றியுள்ள கொழுப்பிலிருந்து வெளியேறும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அந்தக் கொழுப்பு எளிதில் கரையும் வகை என்பதால் கொழுப்பு அமிலங்கள் முதலில் கல்லீரலைத்தான் சென்று தாக்கும் என்று சொன்னார்கள். இதில் உண்மை உண்டு. ஆனால் பிறகு அளந்து பார்த்தபோது, கல்லீரலுக்கு வரும் கொழுப்பு அமிலத்தில் உள்ளுறுப்புக் கொழுப்பின் பங்கு நினைத்த அளவு பெரிதாக இல்லை. பருமனானவர்களில்கூட ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, நான்கில் ஒன்று என்ற அளவில்தான் இருந்தது. மீதியெல்லாம் உடம்பின் மற்றக் கொழுப்பிலிருந்து வருகிறது.

இன்று வலுவாக நிற்கும் விளக்கம் கொள்ளளவைப் பற்றியது. தோலடிக் கொழுப்பை வீட்டுப் பத்தாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுவடை நெல் பத்தாயத்தில் அடங்கும்வரை வீட்டில் எந்தச் சிக்கலும் இல்லை. பத்தாயம் நிறைந்த பிறகும் மூட்டைகள் வந்தால் அவை கூடத்திலும் சமையல்கட்டிலும் சாமியறையிலும் அடுக்கப்படும். அங்கே நடக்க வேண்டிய வேலை கெடும். உடம்பிலும் அப்படித்தான். தோலடியில் இடம் தீர்ந்ததும் கொழுப்பு வயிற்றுக்குள்ளும், கல்லீரலிலும், தசையிலும், கணையத்திலும் சேர்கிறது. கொழுப்பு சேர்ந்த தசையும் கல்லீரலும் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. சர்க்கரை ஏறுகிறது, ரத்தத்தில் டிரைகிளிசரைடு ஏறுகிறது, நல்ல கொலஸ்டிரால் இறங்குகிறது. தொந்தி இந்தக் கெடுதலுக்குக் காரணம் மட்டுமல்ல, பத்தாயம் நிறைந்துவிட்டது என்பதற்கு வெளியே தெரியும் அடையாளமும்கூட.

பெண்ணின் தொடை, தேவைப்பட்டால் பெரிதாகிக்கொள்ளும் பத்தாயம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 28 பேருக்கு எட்டு வாரம் வேண்டுமென்றே அதிகமாகச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். வயிற்றுத் தோலடியில் ஏற்கெனவே இருந்த செல்களே உப்பிப் பெரிதாயின. தொடையிலோ புதிய செல்கள் உண்டாயின, கீழுடம்பில் 1.6 கிலோ கொழுப்பு கூடியபோது சுமார் 260 கோடிப் புதிய செல்கள். உப்பிப்போன செல் அழற்சியைத் தூண்டும், கொழுப்பைக் கசியவிடும். புதிய சிறிய செல் அமைதியாக வாங்கி வைத்துக்கொள்ளும்.

இந்தப் பத்தாயம் இல்லாமலே போனால் என்ன ஆகும் என்பதை இயற்கையே சில பெண்களிடம் காட்டியிருக்கிறது. லாமின் என்ற மரபணுவில் ஏற்படும் ஒரு பிழையால், பருவமடைந்த பிறகு கைகால்களிலும் பிட்டத்திலும் கொழுப்பு மறைந்துபோகும் அரிய நோய் ஒன்று உண்டு. அந்தப் பெண்களின் கால்கள் தசை தெரிய இறுகி, விளையாட்டு வீராங்கனை போலத் தோன்றும். ஆனால் அவர்களுக்குத்தான் இளவயதிலேயே கடுமையான சர்க்கரை நோயும் கல்லீரல் கொழுப்பும் வருகின்றன. ஊர் அழகு என்று சொல்லும் கால், உடம்புக்குப் பெரும் பாரமாக இருக்கிறது.

உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை பற்றிய உங்கள் கேள்விக்கும் இங்கேயே விடை கிடைக்கிறது. 2004இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில், பருமனான 15 பெண்களின் வயிற்றுத் தோலடியிலிருந்து ஆளுக்கு ஏறக்குறைய 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்துச் சோதித்தபோது இன்சுலின் வேலை செய்யும் விதமோ, ரத்த அழுத்தமோ, கொலஸ்டிராலோ மேம்படவில்லை. சாப்பாட்டையும் உழைப்பையும் மாற்றி அதே 10 கிலோவை இழந்திருந்தால் இவை எல்லாமே நன்றாக மாறியிருக்கும். பின்னர் கொலராடோவில், பருமன் இல்லாத பெண்களின் தொடை, இடுப்பு, அடிவயிறு ஆகிய இடங்களில் கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிட்டு ஒரு வருடம் கவனித்தார்கள். மொத்தக் கொழுப்பு பழைய அளவுக்குத் திரும்பி வந்துவிட்டது. ஆனால் தொடைக்குத் திரும்பவில்லை. வயிற்றுப் பக்கம் வந்து சேர்ந்தது. தங்கியிருந்த நல்ல இடத்தை இடித்துவிட்டதால் அது மோசமான இடம் தேடிப் போயிருக்கிறது. இந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

இத்தனைக்கும் நடுவே உங்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. இந்தப் பாதுகாப்பு ஆயுள் முழுக்க இருக்காது. மாதவிடாய் நிற்பதற்குச் சற்று முன்பே ஈஸ்ட்ரோஜன் இறங்கத் தொடங்கும். அப்போதிலிருந்து கொழுப்பு வயிற்றுக்குள் நகர ஆரம்பிக்கும். எடை அதே 68 கிலோவாக இருந்தாலும் பாவாடை நாடா இறுகுவதை வைத்து இதைக் கண்டுபிடிக்கலாம். பெண்களின் மாரடைப்பு ஆண்களைவிடச் சில ஆண்டுகள் தாமதமாக வருவதற்கு உள்ள காரணங்களில் இதுவும் ஒன்று. 45 வயதுக்கு மேல் எடையைவிட வயிற்றுச் சுற்றளவைத்தான் நீங்கள் கவனித்துவர வேண்டும்.

நம் மக்களுக்கு இதில் இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யூட்கினும் 2004இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான், 22.3. உடலில் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு இருவருமே ஒல்லி. இந்த வேறுபாடு கருவறையிலேயே தொடங்குகிறது என்பதையும் யாக்னிக் காட்டினார். புனே அருகே கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசையும் வயிற்று உறுப்புகளும் சிறியவை. முதுகுத் தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. நம்மில் பலருக்குப் பத்தாயம் சிறியது, அது சீக்கிரம் நிறைகிறது. அதனால்தான் ஐரோப்பிய ஆணுக்கு 94 செ.மீ. என்றிருக்கும் வயிற்று எல்லை தெற்காசிய ஆணுக்கு 90 செ.மீ. என்று குறைக்கப்பட்டிருக்கிறது. பெண்ணுக்கு 80 செ.மீ. “நான் ஒல்லிதானே, எனக்கென்ன” என்று உங்கள் கணவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அந்தப் படத்தை அவருக்குத்தான் காட்ட வேண்டும்.

எந்தக் கணக்குக்கும் அளவு சரியாக இருக்க வேண்டும். பேன்ட் சைஸை வயிற்றுச் சுற்றளவு என்று எழுதுவதுதான் பலரும் செய்யும் தவறு. தொந்தி உள்ள ஆண் பேன்ட்டைத் தொந்திக்குக் கீழே போடுகிறார். 34 அங்குல பேன்ட் போடுகிறவருக்கு உண்மையான சுற்றளவு 38 அங்குலமாக இருக்கலாம். விலா எலும்பின் கடைசி விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் பக்கவாட்டில் தடவிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே டேப்பை, தரைக்கு இணையாக, தோலின் மேலேயே வைத்துச் சுற்றுங்கள். இறுக்க வேண்டாம், தொங்கவும் விட வேண்டாம். கால்களைச் சேர்த்து நின்று, இயல்பாக மூச்சை விட்டு, அந்த முடிவில் அளவைப் படியுங்கள். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டால் அளவு பொய்யாகிவிடும். சாப்பிட்டவுடன் அளக்காதீர்கள். பிட்டத்தை அதன் மிக அகன்ற இடத்தில் அளக்க வேண்டும். இரண்டு முறை அளந்து, ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடியும் அளங்கள்.

உங்கள் எண்கள் சரி என்று வைத்துப் பார்ப்போம். உங்கள் 77-ஐ 106-ஆல் வகுத்தால் 0.73. பெண்ணுக்கு எல்லை 0.85, நீங்கள் வெகு கீழே இருக்கிறீர்கள். கணவருடைய 96-ஐ 95-ஆல் வகுத்தால் 1.01. ஆணுக்கு எல்லை 0.90, அவர் தாண்டிவிட்டார். இன்னொரு எளிய விதி உண்டு: வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்கள் உயரத்தில் பாதி 79, வயிறு 77. அவர் உயரத்தில் பாதி 84, வயிறு 96. எந்தக் கணக்கில் போட்டாலும் விடை ஒன்றுதான்.

சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் நம் மக்களிடம் செய்த ஆய்வுகளை வைத்து உருவாக்கிய சர்க்கரை நோய் அபாய மதிப்பெண் ஒன்று இருக்கிறது. ரத்தமே எடுக்க வேண்டாம். வயது, வயிற்றுச் சுற்றளவு, உழைப்பு, பெற்றோர் இந்த நான்கு போதும். உங்கள் கணவருக்குப் போட்டுப் பார்க்கிறேன். 35 முதல் 49 வயது என்பதால் 20. ஆணுக்கு வயிறு 90 முதல் 99 என்பதால் 10. உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சி இல்லை, அதனால் 30. அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, பெற்றோரில் ஒருவர், அதனால் 10. மொத்தம் 70. நூற்றுக்கு 60-ம் அதற்கு மேலும் அதிக அபாயம். உங்களுக்கு வயதுக்கு 20, வயிற்றுக்கு 0, ஓடியாடி வேலை செய்தாலும் தனியே உடற்பயிற்சி இல்லை என்பதால் 20, பெற்றோருக்கு நோய் இல்லை என்பதால் 0. மொத்தம் 40, நடுத்தர அபாயம். இதில் நீங்கள் மாற்றக்கூடியது உழைப்புக்கான 20 மட்டும்; தொடை இதில் வரவே இல்லை. இந்த மதிப்பெண் நோய் இருக்கிறது என்று சொல்லாது, யார் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்லும்.

இந்த அளவுகளுக்கும் எல்லை உண்டு. டேப்புக்குத் தோலடிக் கொழுப்பும் உள்ளுறுப்புக் கொழுப்பும் வித்தியாசம் தெரியாது. ஜப்பானில் 2008இல் தொடங்கிய நாடளாவிய பரிசோதனையில் ஆணுக்கு 85, பெண்ணுக்கு 90 செ.மீ. என்று எல்லை வைத்தார்கள். உலகமே ஆணுக்கு அதிகமாக வைக்கும்போது அவர்கள் பெண்ணுக்கு அதிகமாக வைத்தார்கள். சி.டி. ஸ்கேனில் உள்ளுறுப்புக் கொழுப்பு 100 சதுர செ.மீ. இருக்கும் ஆட்களை எடுத்துப் பார்த்தபோது, பெண்களின் வயிற்றில் தோலடிப் பங்கு அதிகம் இருந்ததால் வந்த எண் அது. ஒரே சுற்றளவுள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ளே இருப்பது ஒன்றல்ல என்பதற்கு இது நல்ல உதாரணம். அதேபோல, தொடைப் பருமன் எல்லாமே சாதாரணமானது என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டு காலும் கணுக்கால்வரை பருத்து, பாதம் மட்டும் ஒல்லியாக நின்று, தொட்டால் வலித்து, லேசாக இடித்தாலும் கன்றிப்போனால் அது லிப்பிடீமா என்ற வேறு நோயாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை.

இனி செய்ய வேண்டியவை. கணவரை வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி, டிரைகிளிசரைடும் நல்ல கொலஸ்டிராலும் அடங்கிய கொழுப்புப் பரிசோதனை, கல்லீரல் நொதிகள், ரத்த அழுத்தம் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். டிரைகிளிசரைடு ஏறி, நல்ல கொலஸ்டிரால் இறங்கியிருந்தால் கொழுப்பு வழிந்து உறுப்புகளுக்குள் போகிறது என்று அர்த்தம். அவருக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. எளிதில் சேரும் உள்ளுறுப்புக் கொழுப்பு எளிதில் கரையவும் செய்யும். எடை குறையத் தொடங்கினால் அதுதான் முதலில் வேகமாகக் குறைகிறது. கனடாவில் பருமனான ஆண்களைத் தினமும் உடற்பயிற்சி செய்யவைத்து, எடை குறையாதபடி சாப்பாட்டையும் கூட்டிக்கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதத்தில் எடை அப்படியே இருந்தும் வயிற்றுக்குள் கொழுப்பு குறைந்திருந்தது. அதனால் தராசு அசையவில்லை என்று அவர் நடையை நிறுத்திவிடக் கூடாது. தினமும் முக்கால் மணி நேரம் வேகமாக நடக்கட்டும். சோற்றின் அளவைக் குறைத்து, பருப்பும் காயும் கூட்டிக்கொள்ளட்டும். மது அருந்துகிறவர் என்றால் அதை விடட்டும். படுத்து எழும் வயிற்றுப் பயிற்சிகள் தசையைப் பலப்படுத்தும், ஆனால் அந்த இடத்துக் கொழுப்பைத் தனியே கரைக்காது.

நீங்கள் இன்றிரவே சாப்பிடத் தொடங்குங்கள். பட்டினி கொழுப்போடு உங்கள் தசையையும் தின்கிறது; தசை குறைந்தால் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் இடமும் குறைகிறது. முழங்கால் வலி வராமலிருக்கச் சில கிலோ குறைப்பது நல்லதுதான், அதை நிதானமாகச் செய்யலாம். கணவர் நடக்கும்போது நீங்களும் கூடப் போங்கள். உங்கள் மதிப்பெண்ணில் இருக்கும் அந்த 20 குறையும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இருவரும் டேப் எடுத்து அளந்து எழுதி வையுங்கள். உங்களுக்கு வயிறு 80-ஐத் தொடாமலும் அவருக்கு 90-க்குக் கீழே வந்தும் இருந்தால் போதும். தொடையை அளக்க வேண்டியதில்லை.

உங்கள் மாமியாரிடமும் இதைப் பேசுங்கள். மகனுக்குத் தன்னுடைய சர்க்கரை நோய் வந்துவிடக் கூடாது என்று நினைக்காத தாய் இருக்க மாட்டார். மருமகளின் தொடையை விட்டுவிட்டு மகனின் வயிற்றை அவர் கண்டிக்கத் தொடங்கினால், அந்தக் கண்டிப்புக்கு உங்கள் வீட்டில் மருந்தைவிடப் பலன் அதிகம் இருக்கும். பரிசோதனை முடிவுகள் வந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடிதத்துக்குக் கடமைப்பட்டவன்